கேட்கலாமா, விடலாமா: எபிசோட் குறிப்பைச் செப்பனிடுவது பற்றி ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் தமிழில் பாட்காஸ்ட் தயாரிக்கும் குழுக்களுக்கும், அவற்றுக்கு எபிசோட் குறிப்பு எழுதுவோருக்கும்:

எபிசோட் குறிப்பு என்பது ஒலிப்பதிவின் கீழே வரும் சில பத்திகள். உரையாடலின் சுருக்கம், விருந்தினர் விவரம், கேட்பவர் கையோடு கொண்டுபோகக்கூடிய சில செய்திகள், நிமிடக் குறிப்புகள் ஆகியவை அதில் இருக்கும். அதைப் படிப்பவர் இன்னும் எதையும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அவர் கேட்பது என்று முடிவெடுத்தாலும் வேண்டாம் என்று விலகினாலும் அந்த முடிவு சரியாக இருந்தால் குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. தவறான ஆளை உள்ளே இழுத்துப் பத்தாவது நிமிடத்தில் இழக்கும் குறிப்பும், சரியான ஆளைப் பட்டியலிலேயே தவறவிடும் குறிப்பும் ஒரே அளவுக்குப் பழுதானவை.

வானொலிக் காலத்தில் இந்த வேலை வேறு மாதிரி இருந்தது. அகில இந்திய வானொலியின் ‘வானொலி’ இதழ் நிகழ்ச்சிகளின் பெயரையும் நேரத்தையும் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தது. குறித்த நேரத்துக்குப் பெட்டியைத் திருகினால் வருவதைக் கேட்கலாம். அந்த நேரத்தில் அந்த நிலையத்தில் வேறு நிகழ்ச்சி கிடையாது என்பதால் பெயரும் நேரமும் போதுமானவையாக இருந்தன. பாட்காஸ்டில் நேரம் கேட்பவருடையது. ஒரே பொருளில் இருபது எபிசோடுகள் ஒரே திரையில் அடுக்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பெயர் மட்டும் போதாது.

செப்பனிடும் முறையை ஒரே எபிசோடைக் கொண்டு அடி முதல் முடி வரை பார்ப்பது எளிது. இங்கே வரும் எபிசோட் எடுத்துக்காட்டுக்காக அமைத்தது. அதன் பொருள் மட்டும் உண்மையானது. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற பிசுபிசுப்பு கீழடுக்கு ஓலைகளின் மேல் சொட்டி, அதில் கரும்பூசணம் படர்கிறது. ஓலை கறுத்துவிட்டால் அதில் வெயில் படாது. இதைப் பற்றி ஒரு பூச்சியியல் பேராசிரியரும் ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவரும் 47 நிமிடம் பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒலித் தொகுப்பு முடிந்ததும் அவசரத்தில் எழுதப்படும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

> எபிசோட் 34 | தென்னையும் நாமும் | சிறப்புக் கலந்துரையாடல்
>
> வணக்கம் நேயர்களே! கொங்கு மண்ணின் உயிர்நாடியான தென்னை விவசாயம் இன்று பல்வேறு சவால்களைச் சந்தித்து வருகிறது. இந்த எபிசோடில் துறையின் மூத்த வல்லுநரும் பல விருதுகள் பெற்றவருமான பேராசிரியர் அவர்களும், முன்னோடி விவசாயி ஒருவரும் வெள்ளை ஈ மேலாண்மை குறித்துப் பல அரிய, பயனுள்ள தகவல்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். முழுமையாகக் கேட்டுப் பயன்பெறுங்கள்!
>
> முக்கியச் செய்திகள்: தென்னையின் முக்கியத்துவம். வெள்ளை ஈ மேலாண்மை. இயற்கை முறைகள். விவசாயியின் அனுபவம்.
>
> மறக்காமல் சப்ஸ்கிரைப் செய்யுங்கள், நண்பர்களுக்குப் பகிருங்கள்.

இந்த வரைவில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தோப்பில் ஓலை கறுத்து நிற்கும் ஒருவர் இதைப் படித்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ‘தென்னை’ என்ற பெயரையும் ‘வெள்ளை ஈ மேலாண்மை’ வரும் இரண்டு இடங்களையும் தவிர மற்ற எல்லாச் சொற்களும் மஞ்சள் பற்றிய எபிசோடுக்கும் கறவை மாடு பற்றிய எபிசோடுக்கும் மாறாமல் பொருந்தும். செப்பனிடும்போது முதலில் செய்யும் சோதனை இதுதான். ஒரு வாக்கியத்தை எடுத்து வேறொரு எபிசோடின் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் அது உண்மையாக இருந்தால் இங்கே அதற்கு வேலை இல்லை.

அடுத்து, பேனாவோடு ஒலிப்பதிவை முழுவதும் கேட்பது. பதிவின்போது உடனிருந்தவர்கள் பலர் இதைத் தவிர்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதுகிறார்கள். நினைவில் நிற்பது பேசத் திட்டமிட்டதும், பேச்சின் சூடான கட்டங்களும்தான். பேசப்பட்டது முழுவதும் அப்படி நிற்பதில்லை. ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்வது நல்லது. முதல் பத்தியில் நிமிடம், இரண்டாவதில் யார் என்ன சொன்னார், மூன்றாவதில் அதைக் கேட்டு யார் என்ன செய்ய முடியும். மூன்றாம் பத்தி காலியாகவே நீளும் பகுதிகள் எவை என்று அப்போது தெரியும். இந்த எபிசோடில் முதல் 6 நிமிடம் 40 நொடி வரவேற்பும் தென்னையின் பெருமையும்தான். வரைவின் முதல் ‘முக்கியச் செய்தி’யான தென்னையின் முக்கியத்துவம் அங்கிருந்து வந்தது. பேசிய வரிசையிலேயே எழுதியதால் எபிசோடின் மிக மெலிந்த பகுதி குறிப்பின் தலைக்கு வந்துவிட்டது.

சுருக்கத்தின் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் தேவை. செயலிகளின் எபிசோட் பட்டியலில் தலைப்பும் குறிப்பின் முதல் ஓரிரு வரிகளும் மட்டுமே தெரியும். மீதியைப் பார்க்கத் தொட்டுத் திறக்க வேண்டும். ‘வணக்கம் நேயர்களே, கொங்கு மண்ணின் உயிர்நாடியான’ என்பதோடு அந்த இடம் தீர்ந்துவிடுகிறது. ஒரே குழுவின் எல்லா எபிசோடுகளும் வணக்கத்தில் தொடங்கினால் பட்டியலில் அவை அனைத்தும் ஒன்றுபோல் தெரியும். வணக்கம் ஒலியில் இருந்தால் போதும். குறிப்பின் முதல் வாக்கியத்தில் பயிர், சிக்கல், இடம் மூன்றும் வர வேண்டும். இரண்டாம் வாக்கியத்தில் உரையாடல் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பது வர வேண்டும்.

தலைப்புக்கும் இதே விதி. ‘தென்னையும் நாமும்’ என்ற தலைப்பில் ‘தென்னை’ தவிரத் தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல் வேறு எதுவும் இல்லை. ‘எபிசோட் 34’ என்ற எண் தயாரிப்பாளரின் கணக்குக்கு உரியது. தலைப்பின் முன்னால் அது நின்றால் பயனுள்ள சொல் திரையின் ஓரத்தில் வெட்டுப்படும். தமிழில் பேசுபவர்களும் கைப்பேசியில் பெரும்பாலும் `vellai ee`, `thennai`, `Pollachi` என்றே தட்டித் தேடுகிறார்கள். அதனால் குறிப்பின் கடைசி வரியில் இத்தகைய எழுத்துக்கூட்டல்கள் இரண்டு மூன்றைச் சேர்ப்பதில் தவறில்லை. அவை மேலே ஏறி வாக்கியங்களுக்குள் புகுந்தால்தான் படிப்பு தடைப்படும்.

எபிசோடில் எது இல்லை என்பதையும் சுருக்கம் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னைக்கு வெள்ளை ஈ ஒன்றே தொல்லை இல்லை. கேரள வாடல் நோய் இருக்கிறது, காண்டாமிருக வண்டு இருக்கிறது. வாடல் நோயால் மரம் இழந்துகொண்டிருப்பவர் ‘தென்னை’, ‘நோய்’ என்று தேடி இங்கே வந்து சேருவார். ‘வாடல் நோய் பற்றி இதில் பேசவில்லை’ என்ற ஒரு வாக்கியம் அவருடைய 47 நிமிடத்தைக் காப்பாற்றுகிறது. அதை எழுதினால் கேட்பவர் எண்ணிக்கை குறையும் என்று சில குழுக்கள் தயங்குகின்றன. குறையலாம், குறைபவர்கள் எப்படியும் நடுவில் நிறுத்திவிடக்கூடியவர்கள். விலகிப்போன அதே ஆள், அடுத்து வாடல் நோய் எபிசோட் வரும்போது அதன் குறிப்பை நம்புவார்.

நேரத்தோடு மாறும் பொருளில் பதிவான மாதமும் ஆண்டும் சுருக்கத்திலேயே வர வேண்டும். வெளியான நாளைச் செயலியே காட்டும். ஆனால் ஆடியில் பதிவாகித் தையில் வெளியாகும் எபிசோடுகளும் உண்டு. வெள்ளை ஈ வறண்ட மாதங்களில் பெருகி, நல்ல மழைக்குப் பின் குறையும் பூச்சி. ‘இப்போது குறைந்திருக்கிறது’ என்று விருந்தினர் சொன்னால் அந்த ‘இப்போது’ எது என்பது தெரியாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை.

விருந்தினர் விவரத்தில் கேட்பவர் தேடுவது ஒன்றுதான்: இந்தப் பொருளில் இவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்? ‘மூத்த வல்லுநர்’, ‘பல விருதுகள் பெற்றவர்’ என்பவை மரியாதைச் சொற்கள். மேடையில் அவற்றுக்கு இடம் உண்டு. இங்கே அவை கேள்விக்கு விடை தருவதில்லை. பூச்சியியல் பேராசிரியர் என்றால் அவர் தென்னைப் பூச்சிகளில் வேலை செய்தவரா, பருத்தியில் வேலை செய்தவரா என்பது முக்கியம். எத்தனை ஆண்டு, எந்த வட்டாரத் தோப்புகளில் என்பதும் முக்கியம். ‘முன்னோடி விவசாயி’ என்பதைவிட ‘ஆனைமலை அருகே 6 ஏக்கர் தென்னை, இரண்டு கோடையாக வெள்ளை ஈயோடு போராடுகிறார்’ என்பது அதிகம் சொல்கிறது. 60 ஏக்கர் வைத்திருப்பவரும் அரை ஏக்கர் வைத்திருப்பவரும் அவருடைய அனுபவம் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்று அந்த 6 ஏக்கரை வைத்து அளந்துகொள்வார்கள். எனவே விவரம் எழுதும் வரிசை இது: பேசும் பொருளோடு அவருக்கு உள்ள தொடர்பு முதலில், இடமும் காலமும் அடுத்து, பதவி கடைசியில்.

விற்பனைத் தொடர்பு இருந்தால் அது விவரத்திலேயே இருக்க வேண்டும். ஒட்டுப்பொறி விற்பவரோ ஒட்டுண்ணி வளர்த்துக் கொடுப்பவரோ விருந்தினராக வருவதில் குற்றம் இல்லை. அவருக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாததாகவும் இருக்கலாம். ஆனால் ‘ஒட்டுப்பொறி தயாரித்து விற்கிறார்’ என்ற மூன்று சொற்கள் விடுபட்டுப்போய்ப் பின்னால் தெரியவந்தால், அந்தக் குழுவின் பழைய எபிசோடுகளையும் சேர்த்தே நேயர் சந்தேகிப்பார். விளம்பரதாரர் உரக்கடையாகவோ பூச்சிமருந்து நிறுவனமாகவோ இருந்து எபிசோடும் அதே பொருளில் இருந்தால், அந்தச் செய்தியையும் குறிப்பின் அடியில் புதைக்காமல் விருந்தினர் விவரத்துக்குப் பக்கத்தில் வைப்பதே நேர்மை.

விருந்தினரின் கைப்பேசி எண்ணைக் குறிப்பில் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பதிவின் உற்சாகத்தில் ‘நம்பரைப் போட்டுக்குங்க, யார் வேணாலும் கூப்பிடட்டும்’ என்று விவசாயி சொல்லியிருப்பார். எபிசோட் பரவிய வாரத்தில் காலை நீர் பாய்ச்சும் நேரம் முழுவதும் அவர் அழைப்பு எடுத்துக்கொண்டிருக்க நேரும். குறிப்பு பல செயலிகளுக்குப் பிரதியாகிவிடுவதால் பிறகு எண்ணை நீக்குவதும் கடினம். கேள்விகள் நிகழ்ச்சியின் மின்னஞ்சலுக்கு வந்து, அங்கிருந்து விருந்தினருக்குப் போவதே சரி.

குறிப்பின் மிகக் கடினமான பகுதி ‘முக்கியச் செய்திகள்’. வரைவில் உள்ள நான்கும் செய்திகள் இல்லை, தலைப்புகள். ‘வெள்ளை ஈ மேலாண்மை’ என்பது உண்மையா பொய்யா என்று யாராலும் சொல்ல முடியாது. அது எதையும் கூறவில்லை. செய்தி என்பது மறுக்கக்கூடிய ஒரு முழு வாக்கியம். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி உழவர்களிடம் கொண்டுசேர்த்தபோது, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒலிபரப்பு முடிந்த பின் விதைக்குப் போய்க் கேட்கக்கூடிய ஒரு ரகத்தின் பெயர் உழவர் கையில் இருந்தது. ‘நவீன நெல் சாகுபடி முறைகள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் கேட்டு வாங்க எதுவும் இருந்திருக்காது.

தலைப்பைச் செய்தியாக மாற்றுவது மூன்று படிகளில் நடக்கிறது. முதல் படியில் ‘இயற்கை முறைகள்’ என்பது ‘வெள்ளை ஈக்கு மருந்து அடிக்க வேண்டாம்’ என்ற வாக்கியமாகிறது. இப்போது ஒரு கூற்று கிடைத்துவிட்டது. ஆனால் இது ஆபத்தான கூற்று. தென்னையில் வேறு பூச்சிக்கு வேரில் மருந்து கட்டுபவர் இதைப் படித்து அதையும் நிறுத்திவிடலாம். இரண்டாம் படியில் காரணம் சேர்கிறது: வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி தோப்பில் இயல்பாகவே இருக்கிறது, பூச்சிக்கொல்லி அதைக் கொன்றுவிடுவதால் வெள்ளை ஈ முன்னிலும் அதிகமாகத் திரும்ப வருகிறது. மூன்றாம் படியில் வரம்பு சேர்கிறது: இந்த அறிவுரை வெள்ளை ஈக்கு மட்டும். மூன்றும் சேர்ந்த வாக்கியம் இப்படி வரும்: ‘வெள்ளை ஈக்காக ரசாயன மருந்து தெளித்தால் அதைத் தின்னும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சாகும், ஈ மீண்டும் பெருகும், வேறு பூச்சிகளுக்கான மருந்து பற்றி இந்த அறிவுரை பேசவில்லை.’ முதல் வரைவைவிட இது நீளம். நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் செய்திகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நிபந்தனையை வெட்டக் கூடாது. மூன்று அல்லது நான்கு செய்திகள் ஒரு எபிசோடுக்குப் போதும்.

யார் சொன்னது என்பதும் செய்தியின் பகுதி. விவசாயி 35ஆம் நிமிடத்தில், முதல் கோடையில் இரண்டு முறை மருந்து அடித்ததாகவும், சில வாரம் குறைந்த ஈ பிறகு தோப்பு முழுக்கப் பரவியதாகவும் சொல்கிறார். பேராசிரியர் சொன்னதோடு இது ஒத்துப்போவதால் இரண்டையும் கலந்து ஒரே செய்தியாக எழுதத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு தோப்பின் அனுபவம் ஆய்வு முடிவின் உடையைப் போட்டுக்கொள்ளும். ‘ஆனைமலை விவசாயியின் தோப்பில் நடந்தது’ என்று தனியே எழுதினால், ஆய்வை நம்புபவரும் அனுபவத்தை நம்புபவரும் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். இருவர் சொன்னதும் முரண்பட்டால் முரணையும் அப்படியே எழுத வேண்டும். ஒருவர் பக்கம் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் குறிப்பு எழுதுபவருக்கு இல்லை.

எண்களில் தனிக் கவனம் வேண்டும். கரும்பூசணத்தை நீக்க லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்து ஓலை மேல் தெளிப்பது அறிவுறுத்தப்படும் முறை. பசை காய்ந்து உதிரும்போது கருமையும் சேர்ந்து உதிர்கிறது. நம் எபிசோடின் 28ஆம் நிமிடத்தில் பேராசிரியர் சரியாக 25 என்கிறார். கேள்வி நேரத்தில், 44ஆம் நிமிடத்தில், வாய் தவறி 250 என்கிறார். தொகுப்பில் இது தப்பிவிட்டது. குறிப்பு எழுதுபவர் இரண்டு எண்ணையும் தாளில் குறித்திருந்தால்தான் முரண் கண்ணில் படும். அப்போது செய்ய வேண்டியது விருந்தினரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது. பிறகு ஒலியை வெட்டித் திருத்த முடிந்தால் திருத்தலாம். முடியாவிட்டால் சுருக்கத்துக்கு அடுத்தபடியாக ஒரு திருத்த வரி வர வேண்டும்: ‘44ஆம் நிமிடத்தில் 250 கிராம் என்று ஒலிப்பது தவறு, 25 கிராம் என்பதே சரி.’ குறிப்பில் மட்டும் சரியான எண்ணைப் போட்டு ஒலியிலுள்ள பிழையைப் பற்றி மௌனமாக இருந்தால், இரண்டையும் பார்த்தவருக்கு எது சரி என்று தெரியாது.

விடையைக் குறிப்பிலேயே கொடுத்துவிட்டால் யார் கேட்பார்கள் என்ற கேள்வி எழும். எதைச் செய்வது என்பது குறிப்பில் அடங்கிவிடும். எப்படி, ஏன் என்பது அடங்காது. ஒட்டுப்பொறியை எந்த உயரத்தில் கட்டுவது என்று படித்தவர், விளக்கெண்ணெய் காய்ந்த பின் என்ன செய்வது என்று கேட்க உள்ளே வருவார். இருந்தும் இந்த விதி அறிவுரை எபிசோடுகளுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் பற்றிய உரையாடலுக்கு முக்கியச் செய்திப் பட்டியல் தேவையில்லை. 1942இல் வந்த நாவல் என்பதால் முடிவு பலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்கு அதைக் குறிப்பில் உடைப்பது நியாயமில்லை. அங்கே நேயருக்கு வேண்டிய தகவல்கள் வேறு: நாவலைப் படிக்காமல் கேட்டால் புரியுமா, முடிவு எந்த நிமிடத்திலிருந்து பேசப்படுகிறது, பேச்சு கதையைப் பற்றியதா கொங்கு வழக்குமொழியைப் பற்றியதா என்பவை.

நிமிடக் குறிப்புகள் கடைசி ஒலிக்கோப்பைக் கொண்டே எடுக்கப்பட வேண்டும். குறிப்பு எழுதிய பின் முன்னால் 40 நொடி விளம்பரம் சேர்த்தால் எல்லா நிமிடங்களும் 40 நொடி தள்ளிப்போகும். யூடியூபில் இவை அத்தியாயங்களாகப் பிரிய வேண்டுமென்றால் முதல் குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. ஆறு அல்லது ஏழு நிமிடக் குறிப்புகளுக்கு மேல் போனால் அது பொருளடக்கமாகாமல் எழுத்துப்படியாகிவிடும்.

தமிழில் எழுதுவோர் அறிய வேண்டிய தொழில்நுட்ப வரம்பு ஒன்று உண்டு. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் எபிசோட் குறிப்புக்கு 10,000 பைட் என்று எல்லை வைத்திருக்கிறது. கணக்கு எழுத்தில் இல்லை, பைட்டில். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறியீடுகள். ‘வெள்ளை’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறியீடு, அதாவது 18 பைட். இதன்படி தமிழ்க் குறிப்பு ஏறக்குறைய 350 முதல் 400 சொற்களில் எல்லையைத் தொட்டுவிடும். நல்ல குறிப்புக்கு இதில் பாதி போதும். ஆனால் ஒவ்வொரு எபிசோடின் கீழும் நிகழ்ச்சியின் வரலாறு, சமூக ஊடக இணைப்புகள், நன்றிப் பட்டியல் என்று நிலையான பகுதியை ஒட்டும் குழுக்கள் எல்லையைத் தாண்ட வாய்ப்புண்டு. தடித்த எழுத்து, வண்ணம் போன்றவையும் எல்லாச் செயலிகளிலும் தெரிவதில்லை. பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவற்றை மட்டும் நம்புவது பாதுகாப்பானது.

இவ்வளவும் செய்த பின் அதே எபிசோடின் குறிப்பு இப்படி நிற்கும்:

> தென்னையில் வெள்ளை ஈ: மருந்து அடித்தும் ஏன் திரும்ப வருகிறது?
>
> பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஓலையைக் கறுக்க வைக்கும் சுருள் வெள்ளை ஈ பற்றிய உரையாடல். மருந்தில்லாமல் அதை எப்படிக் கட்டுப்படுத்துவது, கறுத்த ஓலையை எப்படி மீட்பது என்று ஒரு பூச்சியியலாளரும் ஒரு விவசாயியும் விளக்குகிறார்கள். கேரள வாடல் நோய், காண்டாமிருக வண்டு பற்றி இதில் இல்லை. ஏப்ரல் மாதம் தோப்பில் பதிவானது. சில இடங்களில் காற்றிரைச்சல் உண்டு. 47 நிமிடம்.
>
> திருத்தம்: 44ஆம் நிமிடத்தில் மைதா 250 கிராம் என்று ஒலிப்பது தவறு. லிட்டருக்கு 25 கிராம் என்பதே சரி.
>
> பேசுபவர்கள்: தென்னைப் பூச்சிகளில் 15 ஆண்டு வேலை செய்த பூச்சியியல் பேராசிரியர். ஆனைமலை அருகே 6 ஏக்கர் தென்னை வைத்திருக்கும் விவசாயி. இரண்டு கோடையாக வெள்ளை ஈயைச் சமாளித்து வருகிறார். இருவருக்கும் இடுபொருள் விற்பனையில் பங்கில்லை.
>
> முக்கியச் செய்திகள்:
> - வெள்ளை ஈக்காக ரசாயன மருந்து தெளித்தால் அதைத் தின்னும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சாகும், ஈ மீண்டும் பெருகும். வேறு பூச்சிகளுக்கான மருந்து பற்றி இந்த அறிவுரை பேசவில்லை. (பேராசிரியர்)
> - 5 அடிக்கு 1.5 அடி மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி 6 அடி உயரத்தில் கட்டினால் பறக்கும் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். ஓலையில் இருக்கும் இளம்பருவத்தை இது பிடிக்காது. (பேராசிரியர்)
> - லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளித்தால் கரும்பூசணம் உதிரும். ஈயை இது கொல்லாது. (பேராசிரியர்)
> - ஆனைமலைத் தோப்பில் முதல் கோடையில் இரண்டு முறை மருந்து அடித்தும் ஈ திரும்பப் பரவியது. (விவசாயி)
>
> 0:00 அறிமுகம்
> 6:40 வெள்ளை ஈயை அடையாளம் காண்பது
> 14:20 மருந்தும் ஒட்டுண்ணியும்
> 22:05 மஞ்சள் ஒட்டுப்பொறி: கட்டும் முறை, ஏக்கருக்கு எத்தனை
> 28:10 கரும்பூசணமும் மைதாக் கரைசலும்
> 33:30 ஒரு தோப்பின் இரண்டு கோடை
> 43:15 நேயர் கேள்விகள்

உண்மையான குறிப்பில் இருவர் பெயரும் விவரத்தின் தொடக்கத்தில் வரும், பதிவான மாதத்தோடு ஆண்டும் வரும். தலைப்பெழுத்தைத் தமிழில் எழுதுவதா ஆங்கில ஒலிப்பில் எழுதுவதா என்பதை விருந்தினரிடமே கேட்டு, எல்லா எபிசோடுகளிலும் ஒரே வடிவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் மறுமுறை வரும்போது தேடலில் இரண்டு பேராகப் பிரிந்துவிடுவார்.

குறிப்பு தேறியதா என்று எழுதியவர் தாமே அறிய முடியாது. உரையாடல் முழுவதும் அவர் காதில் இருக்கிறது. எபிசோடைக் கேட்காத ஒருவரிடம், முடிந்தால் தோப்பு உள்ள ஒருவரிடம், குறிப்பை மட்டும் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். இது யாருக்கானது? இதைக் கேட்டால் என்ன தெரியவரும்? இதில் என்ன இருக்காது? மூன்றுக்கும் தாளைத் திரும்பப் பார்க்காமல் விடை வந்தால் குறிப்பு வெளியாகலாம். மூன்றாவதற்கு விடை வராவிட்டால் சுருக்கம் இன்னும் தன் எல்லையைச் சொல்லவில்லை என்று பொருள்.

வெளியான பின் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் ஆகியவை தயாரிப்பாளருக்குக் காட்டும் கேட்பு வரைபடத்திலும் ஒரு தடயம் உண்டு. முதல் ஐந்து நிமிடத்திலேயே பலர் விலகியிருந்தால் குறிப்பு வாக்களித்தது வெகு தாமதமாக வருகிறது என்று கொள்ளலாம். அந்தக் குறை குறிப்பில் இல்லாமல் நீண்ட அறிமுகத்திலும் இருக்கலாம். 6:40, 14:20 போன்ற இடங்களுக்குப் பலர் நேரே தாவியிருந்தால் நிமிடக் குறிப்புகள் பயன்படுகின்றன. வரைபடம் காரணத்தைச் சொல்லாது. எங்கே தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

பரிந்துரை மாறும்போது பழைய எபிசோடின் ஒலியை மாற்ற முடியாவிட்டாலும் குறிப்பை மாற்ற முடியும். பூச்சி, மருந்து, மானியம், சட்டம் போன்ற பொருளில் உள்ள பழைய குறிப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, மாறியதை நாளோடு திருத்த வரியில் சேர்க்க வேண்டும். அறிவுரை முழுவதும் காலாவதியாகியிருந்தால் அதைச் சுருக்கத்தின் முதல் வாக்கியமே சொல்லி, புதிய எபிசோடின் இணைப்பைத் தர வேண்டும்.